ஒரு நண்பர், இரண்டு உருபு: ஆங்கில இரட்டை உடைமையின் வரலாறு

1

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சிறுபத்திரிகைக்காகக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருவர் தன் அம்மாவை நினைத்து எழுதியது. சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு போட்டோ தொங்குகிறது. மூலத்தில் அது 'எ போட்டோகிராஃப் ஆஃப் மை மதர்ஸ்'. நான் 'என் அம்மாவின் போட்டோ ஒன்று' என்று எழுதினேன். ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபிறகு அம்மா அந்தப் போட்டோவைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கப் போவாள், காலையில் வந்ததும் மறுபடி திருப்புவாள் என்று கட்டுரை சொல்கிறது. யாருடைய முகம் என்று கட்டுரையின் கடைசிப் பக்கம்வரை நேராகச் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. தன் பிம்பத்தையே தான் பார்க்க மறுக்கிற ஒரு தன்னிலை என்று முன்குறிப்பில் அரைப்பக்கம் எழுதிவிட்டேன். அப்போது நான் வாசித்துக்கொண்டிருந்த கோட்பாடுகளுக்கு அது நன்றாகவே பொருந்தியது.

பத்திரிகை வந்தபிறகு, கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற தோழி ஒருத்தி கேட்டாள்: "அந்த ஸ் எங்கே போச்சு?" எனக்கு விளங்கவில்லை. 'மதர்' என்ற சொல்லின் பின்னால், மேற்கமாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த 'ஸ்' போட்டோவில் இருப்பது அம்மா இல்லை என்பதற்கான குறி என்றாள். படம் அம்மாவுக்குச் சொந்தமானது. அதில் இருப்பது வேறொருவர். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் போலீஸ் கூட்டிப்போய்த் திரும்பி வராத ஒரு மகன் வருகிறான். படத்தில் இருந்தது அவன். நான் அந்தப் பக்கத்தையும் மொழிபெயர்த்தவன்தான். ஆனால் போட்டோவையும் அவனையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தாய் செத்துப்போன மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியாமல் திருப்பி வைத்ததை, நான் பிம்பம் பற்றிய ஒரு சொல்லாடலாக மாற்றி வைத்திருந்தேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. அதே சமயத்தில் பள்ளிக்கூட ஞாபகம் ஒன்றும் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் 'ஹி ஈஸ் எ ஃபிரெண்ட் ஆஃப் மீ' என்று எழுதி, சிவப்பு மையில் சுழி வாங்கினேன். 'மைன்' என்று போட வேண்டுமாம். ஏன் சார் என்று கேட்டதற்கு "அதுதான் இங்கிலீஷ்" என்றார். 'ஆஃப்' என்றாலே 'உடைய', 'மைன்' என்றாலும் 'என்னுடையது'. ஆக, 'என்னுடையதனுடைய நண்பன்' என்றல்லவா ஆகிறது? இரண்டு தரம் உடைமை சொல்வது எப்படிச் சரியாகும்? வகுப்பில் அன்று கேட்க முடியாத இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான் மட்டும் இல்லை. ஆங்கிலேயர்களே இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பதில்களிலும், பதில் சொன்ன விதத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது.

2

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம் நமக்கு அவ்வளவு அந்நியமாகப் படாது. அது வேற்றுமை உருபுகளால் இயங்கிய மொழி. உடைமையைச் சொல்ல, பெயர்ச்சொல்லின் கடைசியில் ஓர் ஒட்டு வந்தது. ஆண்பாலுக்கும் அஃறிணைப்பாலுக்கும் பெரும்பாலும் 'எஸ்' என்கிற ஒட்டு. பெண்பாலுக்கும் பன்மைக்கும் வேறு ஒட்டுகள். இன்று உடைமை என்றதும் நமக்கு நினைவு வருகிற 'ஆஃப்' அப்போது உடைமைச் சொல்லே அல்ல. 'இலிருந்து, நீங்கி' என்பதுதான் அதன் பொருள். இன்றைய 'ஆஃப்', சுவிட்சை அணைக்கிறபோது சொல்கிற 'ஆஃப்' இரண்டும் ஒரே வேரில் பிரிந்தவை. நம் இலக்கணக் கணக்கில் சொன்னால் அது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள். ஆறாம் வேற்றுமைக்கு அது பிற்பாடுதான் குடிவந்தது.

குடிவந்த வேகத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். ரஸ்ஸல் தாமஸ் என்பவர் 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் செய்த ஆய்வின் கணக்குப்படி, பெயர்ச்சொற்களுக்கிடையிலான உடைமைத் தொடர்களில் 'ஆஃப்' வருவது பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு அரைதான். 12ஆம் நூற்றாண்டில் அது 6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 13இல் 31, 14இல் 84. 1066இல் நார்மானியர் வந்து, மேல்தட்டின் மொழி பிரெஞ்சு ஆகி, எழுத்தில் ஆங்கிலம் ஒதுங்கிப்போன காலத்தின் ஊடாக நடந்த மாற்றம் இது. சொற்களின் கடைசி அசைகள் தேய்ந்து உருபுகள் ஒன்றோடொன்று மயங்கின. பிரெஞ்சில் 'த' என்கிற முன்னிடைச்சொல் செய்த வேலையை 'ஆஃப்' இங்கே செய்ய ஆரம்பித்தது. பிரெஞ்சின் செல்வாக்கு எவ்வளவு, தானாகத் தேய்ந்தது எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு.

பழைய உருபு முற்றாகச் சாகவில்லை. 'எஸ்' என்கிற ஒட்டு மட்டும் மற்ற எல்லா ஒட்டுகளையும் தள்ளிவிட்டு, பெரும்பாலும் மனிதரைக் குறிக்கிற சொற்களின் பின்னால் தங்கிவிட்டது. மூவிடப் பெயர்களிலும் பழைய உடைமை வடிவங்கள் தங்கின. ஆக 14ஆம் நூற்றாண்டுக்காரன் கையில் உடைமைக்கு இரண்டு கருவிகள். பின்னால் ஒட்டுகிற பழையது ஒன்று, முன்னால் நிற்கிற புதியது ஒன்று. இரண்டையும் ஒரே தொடரில் போடுகிற பழக்கம் இந்தக் காலத்தில்தான் பரவுகிறது. சாஸர் 1380களில் எழுதிய 'டிராய்லஸும் கிரிசைடும்' காவியத்தில், காதல் நோயில் புலம்புகிற டிராய்லஸிடம் பாண்டரஸ் முதன்முதலாக வருகிற இடத்தில் அவனை அறிமுகம் செய்வது இந்த இரட்டை வடிவத்தால்தான்: அவனுடைய நண்பன் ஒருவன். 'ஆஃப் ஹிம்' இல்லை, 'ஆஃப் ஹிஸ்'. என்னுடைய ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் பக்கம் அறுநூறு வருஷத்துக்கு மேற்பட்ட சாட்சி இருந்திருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

3

எதற்காக இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள்? இதற்கு எனக்குத் திருப்தியாகப் படுகிற விளக்கம் இடநெருக்கடி.

தமிழில் 'என் நண்பர் ஒருவர்' என்கிறோம். 'அந்த என் நண்பர்' என்றும் சொல்லலாம். 'அந்த'வும் 'என்'னும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளுவதில்லை. பழைய ஆங்கிலத்திலும் சுட்டும் உடைமையும் அடுத்தடுத்து நிற்க முடிந்தது. பிறகு, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரே ஓர் இருக்கைதான் என்ற நிலைமைக்கு அந்த மொழி மெல்ல மெல்ல வந்துசேர்ந்தது. அதில் 'எ' உட்கார்ந்தால் 'மை' உட்கார முடியாது. 'மை' உட்கார்ந்தால் 'திஸ்' எழுந்துகொள்ள வேண்டும். பழைய வழக்கம் வேதமொழியில் கொஞ்ச காலம் தங்கியது. 1611இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பில், கெட்ட குமாரன் உவமையின் முடிவில், 'இந்த', 'உன்' இரண்டும் 'சகோதரன்' என்ற சொல்லுக்கு முன்னால் சேர்ந்தே நிற்கின்றன. இன்று அப்படிப் பேசினால் பிரசங்கம் மாதிரி இருக்கும்.

இப்போது ஒருவன் இரண்டையும் சொல்ல ஆசைப்படுகிறான். 'ஒரு' என்றும் சொல்ல வேண்டும், 'என்' என்றும் சொல்ல வேண்டும். 'மை ஃபிரெண்ட்' என்றால் கேட்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு நண்பன் என்பதுபோல் தொனிக்கும். தெரியாத ஒருவனைப் புதிதாக அறிமுகம் செய்ய 'எ' வேண்டும். இருக்கை ஒன்றுதான். ஆகவே 'எ' முன்னால் உட்கார, உடைமை எழுந்து பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போய் 'ஆஃப்'பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் போனபோது தன் உடைமைச் சட்டையைக் கழற்றாமலே போனது. 'மீ' ஆகவில்லை, 'மைன்' ஆகவே இருந்தது. இரட்டைக்குக் காரணம் இது. உடைமையை அழுத்திச் சொல்ல வந்த ஆடம்பரம் அல்ல.

'மைன்' என்பதன் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். ஆதியில் 'மை', 'மைன்' இரண்டும் ஒரே சொல். மெய்யெழுத்தில் தொடங்குகிற சொல்லுக்கு முன்னால் கடைசி 'ன்' உதிர்ந்து 'மை' ஆயிற்று. உயிருக்கு முன்னாலும், தனித்து நிற்கிற இடத்திலும் 'மைன்' நின்றது. பிற்பாடு உயிருக்கு முன்னாலும் 'மை' வந்துவிட, தனித்து நிற்கிற வேலை மட்டும் 'மைன்'னுக்கு மிஞ்சியது. 'ஹெர்', 'அவர்', 'யுவர்' என்பவற்றுக்கு அப்படித் தனி வடிவம் இல்லாததால், 1300ஐ ஒட்டி வடக்கு இங்கிலாந்தில் 'ஸ்' ஒட்டி 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்', 'யுவர்ஸ்' என்று செய்துகொண்டார்கள். தெற்கிலும் நடுநாட்டிலும் 'மைன்' மாதிரியே 'ன்' ஒட்டி 'ஹிஸ்ன்', 'யுவர்ன்' என்று செய்தார்கள். வடக்குக்காரர்களின் வடிவம் தரமொழி ஆனது. மற்றது பட்டிக்காட்டுப் பேச்சு என்று கேலிக்கு ஆளானது. தர்க்கப்படி பார்த்தால் 'மைன்' கூட்டத்தோடு ஒத்துப்போவது 'யுவர்ன்'தான். எது இலக்கணம் என்று தீர்மானிக்கிற இடத்தில் தர்க்கம் எவ்வளவு பலவீனமான சாட்சி என்பதற்கு இது ஒன்று போதும்.

4

நானூறு வருஷம் யாரும் தொந்தரவு செய்யாமல் புழங்கிய இந்த வடிவம் 18ஆம் நூற்றாண்டில் விசாரணைக்கு வருகிறது. அந்த நூற்றாண்டின் நடுவில்தான் ஆங்கில இலக்கண நூல்கள் கடைச்சரக்காகின்றன. புதிதாகக் காசு சேர்த்த வர்க்கம், பேச்சில் தான் யார் என்று காட்டிக்கொடுத்துக்கொள்ளாமல் இருக்க விரும்பியது. அதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது.

1762இல் ராபர்ட் லௌத் தன் சிற்றிலக்கணத்தை வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டுக்கும் லண்டனுக்கும் பிஷப் ஆனவர். ஆங்கிலத்தின் மேல் லத்தீன் சட்டத்தை மாட்டியவர் என்று அவரைத் திட்டுவது இன்றுவரை ஒரு சம்பிரதாயம். ஆனால் இந்த விஷயத்தில் அவர் யாரையும் தண்டிக்கவில்லை. 'எ சோல்ஜர் ஆஃப் த கிங்ஸ்' என்கிற தொடரை எடுத்துக்கொண்டு, இதில் உண்மையிலேயே இரண்டு உடைமைகள் இருக்கின்றன, 'அரசனின் வீரர்களில் ஒருவன்' என்பதே இதன் பொருள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதாவது 'கிங்ஸ்' என்பதன் பின்னால் 'வீரர்கள்' என்கிற சொல் தொக்கி நிற்கிறது. அரசனின் வீரர்கள் என்கிற கூட்டம் ஒன்று, அதிலிருந்து பிரித்தெடுத்த ஒருவன் ஒன்று. 'ஆஃப்' பிரித்தெடுக்கிற வேலையைச் செய்கிறது, 'ஸ்' உடைமையைச் சொல்கிறது. ஆளுக்கொரு வேலை இருப்பதால் இரண்டும் மிகை அல்ல.

ஆறு வருஷம் கழித்து, 1768இல், ஜோசஃப் பிரீஸ்ட்லி தன் இலக்கணத்தின் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தார். 1774இல் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டிய அதே பிரீஸ்ட்லி. அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்ற மறுப்பாளர்களின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தவர். அதற்காகவே 1791இல் பர்மிங்காமில் ஒரு கும்பல் அவர் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் கொளுத்தியது. 1794இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மொழியில் வழக்குதான் நீதிபதி என்பது அவர் கட்சி. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் வீரன் அல்ல, படம். 'திஸ் பிக்சர் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்பதும் 'திஸ் பிக்சர் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்' என்பதும் வெவ்வேறான கருத்துகளைத் தருகின்றன என்கிறார். இரண்டாவதுதான் கண்டிப்பான அர்த்தத்தில் சொத்து.

இதை வாசித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பண்ணின பிழை 1768லேயே அச்சில் எச்சரிக்கப்பட்ட பிழை. போட்டோ என்கிற பொருள் கண்டுபிடிக்கப்படுவதற்கே அப்போது அரை நூற்றாண்டுக்கு மேல் பாக்கி.

லௌத்துக்கும் பிரீஸ்ட்லிக்கும் உள்ள வித்தியாசம் பார்வையில் இருக்கிறது. இந்த வடிவம் எப்படி உண்டாகியிருக்கும் என்று லௌத் உள்ளே பிரித்துப் பார்க்கிறார். இது இல்லாவிட்டால் எந்த அர்த்தம் தொலையும் என்று பிரீஸ்ட்லி வெளியே நின்று பார்க்கிறார். 1795இல் வந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம் இருவரையும் வாரி எடுத்துக்கொண்டது. பள்ளிகளில் பரவியது இவர் நூல்தான், லௌத்தும் பிரீஸ்ட்லியும் அல்ல. மர்ரே தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். அர்த்தத்தைப் பிரித்துக் காட்டத் தேவையில்லாத இடத்தில், அதுவும் கம்பீரமான நடையில், இந்த இரட்டை வடிவம் பொதுவாக விடப்படுகிறது என்றார். இது தடை உத்தரவு அல்ல. ஆனால் 'கம்பீரமான நடை' என்கிற சொல் நுழைந்த கணத்தில், விட்டுவிடுவது உயர்வு, போடுவது கொச்சை என்கிற ஏணி ஒன்று உருவாகிவிடுகிறது. 'ஸ்' மிகை, வெட்டிவிடு என்று பிற்காலத்தில் பிரதி திருத்தியவர்கள் ஏறி நின்றது இந்த ஏணியில்தான்.

5

லௌத்தின் விளக்கம் அழகானது. ஒரு மூக்கு வந்து அதைக் கெடுத்தது.

ஆங்கிலத்தில் 'தட் நோஸ் ஆஃப் ஹிஸ்' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். 'அவனும் அவன் மூக்கும்' என்று நாம் சொல்கிற தொனி. லௌத்தின் கணக்குப்படி இதற்கு 'அவன் மூக்குகளில் ஒன்று' என்றல்லவா அர்த்தம் வர வேண்டும்? டேனிஷ்காரரான ஓட்டோ யெஸ்பர்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கிற வேலையை 'ஆஃப்' இங்கே செய்யவில்லை, 'அவனுடையதாகிய அந்த மூக்கு' என்று இரண்டையும் சமப்படுத்துகிற வேலையைச் செய்கிறது என்பது அவர் வாதம். நண்பனுக்கும் இது பொருந்தும். வாழ்க்கையில் ஒரே ஒரு நண்பன் இருக்கிறவனும் 'எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்' என்றுதான் சொல்வான். கேட்கிறவன் அவனிடம் மற்ற நண்பர்களைக் காட்டச் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கல் தமிழ் படித்தவனுக்குச் சட்டென்று பிடிபடும். ஆறாம் வேற்றுமையின் கிழமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று நம் இலக்கணம் இரண்டாகப் பிரிக்கிறது. மூக்கு தற்கிழமை, என்னைவிட்டுப் பிரியாதது. வீடு பிறிதின்கிழமை, கைமாறக் கூடியது. லௌத்தின் விளக்கம் பிறிதின்கிழமைக்கு ஓடுகிறது, வீரர்கள் பலர் இருக்கலாம், படங்கள் பல இருக்கலாம். தற்கிழமையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆங்கில இலக்கணக்காரர்கள் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டு தொடங்கியிருந்தால் மூக்கில் தடுக்கி விழுந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் தொகுத்த கேம்பிரிட்ஜ் பேரிலக்கணம் 'இரட்டை' என்கிற பெயரையே கைவிட்டது. உடைமை உருபு ஏறியிருப்பது ஒரே இடத்தில்தான், 'ஆஃப்' வெறும் முன்னிடைச்சொல், உருபு அல்ல என்பது அவர்கள் நிலைப்பாடு. அந்தக் கணக்கில், வகுப்பில் நான் கண்ட 'என்னுடையதனுடைய நண்பன்' என்கிற பூதம் பெயர் வைத்ததால் பிறந்த பூதம். இரட்டை என்று பெயர் வைத்தார்கள், பிறகு இரட்டை ஏன் என்று சண்டை போட்டார்கள்.

6

அப்படியானால் எங்கே போடுவது, எங்கே விடுவது? மொழிபெயர்ப்பவர்களுக்கும் துண்டறிக்கை எழுதுகிறவர்களுக்கும் இது காரியார்த்தமான கேள்வி என்பதால், நான் இப்போது செய்து பார்க்கிற சோதனைகளைச் சொல்கிறேன்.

முதல் சோதனை, பெயருக்குப் பதில் மூவிடப் பெயரைப் போட்டுப் பார்ப்பது. 'எ ஃபிரெண்ட் ஆஃப் ஜான்' என்றும் எழுதலாம், 'எ ஃபிரெண்ட் ஆஃப் ஜான்ஸ்' என்றும் எழுதலாம். இரண்டும் நல்ல ஆங்கிலம்தான். 'ஜான்' இடத்தில் 'அவன்' வந்தால் தேர்வு போய்விடுகிறது, 'ஹிஸ்' மட்டும்தான். 'ஹிம்' வராது. என் ஒன்பதாம் வகுப்புப் பிழை இதுதான். பெயருக்கு இருக்கிற சலுகை மூவிடப் பெயருக்கும் உண்டு என்று நினைத்துவிட்டேன். 'ஸ்' மிகை என்று சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். மிகை என்றால் 'மைன்'னையும் வெட்ட வேண்டும், அதற்கு அவர்களில் ஒருவரும் சம்மதிப்பதில்லை.

இரண்டாவது சோதனை பிரீஸ்ட்லியுடையது: இந்தப் பெயரால் குறிக்கப்படுகிறவர் வைத்திருக்கிறவரா, உள்ளே இருக்கிறவரா? 'எ பிக்சர் ஆஃப் மீ' என்றால் படத்தில் நான். 'எ பிக்சர் ஆஃப் மைன்' என்றால் என்னிடம் இருக்கிற படம், அல்லது நான் எடுத்த படம். 'மீ' இங்கே முழுக்கச் சரி. 'ஆஃப்'புக்குப் பின்னால் 'மீ' வரவே கூடாது என்று மனப்பாடம் பண்ணினவர்கள் இந்த இடத்தில் தவறுவார்கள். நம் வாசகர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம்: 'எ ஸ்டூடன்ட் ஆஃப் மார்க்ஸ்' என்றால் மார்க்ஸை வாசிக்கிறவர், இன்றும் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அதன் மேல் ஒரு 'ஸ்' ஏறினால் மார்க்ஸிடமே நேராகப் பாடம் கேட்டவர் என்று பக்கம் மாறிவிடும். 1883க்குப் பிறகு அப்படி ஒருவர் புதிதாக உண்டாக முடியாது.

தமிழில் இந்த வித்தியாசத்தை உருபு காட்டாது. கபிலரது பாட்டு என்றால் கபிலர் பாடியது. பாரியது பாட்டு என்றால் பாரியைப் பாடியது. உருபு ஒன்றே. யார் பாடினார், யார் பாடப்பட்டார் என்பது நமக்கு முன்னாலேயே தெரிந்திருப்பதால் மயக்கம் வரவில்லை. தெரியாத இடத்தில் மயங்கத்தான் செய்யும். என் போட்டோ விவகாரத்தில் நடந்தது அதுதான்.

மூன்றாவது, எல்லைகளைப் பார்ப்பது. 'ஸ்' ஏறுவது உயிருள்ளவரின் மேல், பெரும்பாலும் மனிதர் மேல். 'எ ஃபிரெண்ட் ஆஃப் த லைப்ரரி' என்பதில் நூலகத்துக்கு 'ஸ்' ஏற்றினால் சிரிப்பார்கள். 'எனிமி ஆஃப் த பீப்பிள்' என்பதிலும் ஏற்றுவதில்லை. அடுத்தது, முன்னால் வெறும் 'த' வந்தால் இந்த வடிவம் ஒத்துக்கொள்ளாது. 'த ஃபிரெண்ட் ஆஃப் மைன்' என்று நிறுத்த முடியாது. 'நேற்று வந்த' என்பதுபோல் யார் என்று அடையாளம் காட்டுகிற ஒரு வாக்கியம் பின்னால் தொடர்ந்தால் மட்டும் நிற்கும். 'த' வேண்டுமென்றால் 'மை ஃபிரெண்ட்' என்றே சொல்லிவிடலாமே, இருக்கைப் போட்டியே அங்கே இல்லையே.

சோதனைகள் கைவிடுகிற இடங்களும் உண்டு. 'என் விசிறி', 'என் விமர்சகர்' என்று சொல்ல 'ஆன் அட்மைரர் ஆஃப் மைன்', 'எ கிரிட்டிக் ஆஃப் மைன்' என்கிறார்கள். நான் அங்கே விமர்சிக்கப்படுகிறவன், பிரீஸ்ட்லி கணக்கில் 'மீ' அல்லவா வர வேண்டும்? மனிதருக்கும் மனிதருக்குமான உறவு என்று வந்துவிட்டால், எந்தத் திசையில் உறவு ஓடினாலும் மூவிடப் பெயர் 'மைன்' பக்கமே சாய்கிறது. இன்னொன்று, 'எனக்கும் என் மனைவிக்கும் நண்பர்' என்பதை ஆங்கிலத்தில் சொல்ல முயன்று பாருங்கள். 'மை வைஃப்ஸ் அண்ட் மைன்' என்பது நாக்கில் இடறும். அங்கே ஆங்கிலேயர்களே 'மீ அண்ட் மை வைஃப்' என்று நழுவுவதைக் கேட்கலாம். மூன்றாவதாக, 'பேரன்ட்ஸ்' போல ஏற்கெனவே 'ஸ்'ஸில் முடிகிற பன்மைச் சொல்லில் இரட்டை இருக்கிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியவே தெரியாது. மேற்கமா எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே சூழலை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

7

மறுபதிப்பில் அந்த வரியைத் திருத்தினேன். 'அடுப்புக்கு மேலே அம்மா மாட்டி வைத்திருந்த போட்டோ ஒன்று' என்று. 'அம்மாவின்' என்பதை எடுத்துவிட்டு 'அம்மா மாட்டி வைத்திருந்த' என்று வினையாக்கியதும், படத்தில் யார் என்கிற கேள்வி மூலத்தில் மாதிரியே திறந்து கிடந்தது. கடைசிப் பக்கத்தில் மகன் வந்து அதை அடைத்தான். முன்குறிப்பின் அரைப்பக்கத்தை வெட்டிவிட்டேன். அதற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

திருத்திக்கொண்டிருந்தபோது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் எம்.ஏ. காலத்தில் படித்து மறந்துபோன விதி ஒன்று நினைவுக்கு வந்தது. உயர்திணைத் தொகையை விரிக்கிறபோது ஆறாம் வேற்றுமையின் 'அது' என்கிற உருபு நிற்கக் கூடாது, அதன் இடத்தில் 'கு' வர வேண்டும் என்பது விதி. நம்பிமகன் என்பதை விரித்தால் 'நம்பியது மகன்' அல்ல, 'நம்பிக்கு மகன்'. அஃறிணைக்குரிய உருபை மனிதர் மேல் ஏற்றுவது திணைமுறைக்கு ஒவ்வாது என்பது இலக்கணக் காரணம். இன்றைய தமிழில் 'என்னுடைய நண்பர்' என்று தாராளமாகச் சொல்கிறோம், யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் 'அவர் எனக்கு நண்பர்' என்று சொல்கிற வழி இன்னும் அடைபடவில்லை. ஆங்கிலக்காரன் 'மைன்' என்கிற சொத்துச் சொல்லை வைத்துக்கொண்டு, மகனையும் நண்பனையும் மூக்கையும் படத்தையும் ஒரே வடிவத்தில் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையில்தான் அவன் இலக்கணக்காரர்கள் இத்தனை காலம் தடுமாறியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு நோட்டு இப்போது என்னிடம் இல்லை. அந்தச் சுழி சரியானதுதான். "அதுதான் இங்கிலீஷ்" என்கிற பதில்தான் போதவில்லை.